சிவப்பு வட்டம் போடாத முத்திரை

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். விசாவுக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதிலிருக்கும் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரைத் தேதிகளைப் பார்த்து, யார் எத்தனை நாள் தங்கினார்கள் என்று எண்ணுவது என் வேலை. மை கலங்கி எண் தெரியாமல் போனால் சிவப்பு வட்டம் போட்டு, ஒரிஜினலைக் கொண்டு வரச் சொல்ல வேண்டும். ஊகிக்கக் கூடாது.

ஒரு லாரி ஓட்டுநரின் பாஸ்போர்ட் போட்டோவில் மூன்றா எட்டா என்று தெரியாத ஒரு முத்திரை. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஒரிஜினலை எடுக்காமல் வந்து நின்றார். "கண்ணை மூடிக்கிட்டு மூணுன்னு போடுங்க சார்" என்றார். "அப்படியெல்லாம் போட முடியாதுங்க" என்று ஒரு பாடமே நடத்தி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

அக்கா மகளுக்கு வெளிநாட்டில் ஜூலை இருபதாம் தேதி பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் பலமுறை போய்வரும் விசா இருந்தது. ஆனால் எந்த நூற்றெண்பது நாளை எடுத்தாலும் தொண்ணூறு நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. போய் இறங்கும் நாளும் கணக்கு, கிளம்பும் நாளும் கணக்கு. அக்கா அந்த வருடம் மார்ச் மூன்றாம் தேதியே ஒருமுறை போய், ஏப்ரலில் திரும்பியிருந்தாள். இப்போது ஜூன் ஐந்து முதல் ஜூலை இருபத்து நான்கு வரை டிக்கெட் போட்டுவிட்டு, "தம்பி, ஒரு தடவை எண்ணிச் சொல்லிடு" என்று பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

டியூப்லைட் வெளிச்சம் விழுந்த போட்டோ. நுழைவு முத்திரை பளிச்சென்று இருந்தது. வெளியேறிய முத்திரையில் ஏப்ரல் தெரிந்தது, நாள்தான் கலங்கியிருந்தது. பதினொன்றாகவும் இருக்கலாம், பதினேழாகவும் இருக்கலாம். பதினொன்று என்றால் முதல் பயணம் நாற்பது நாள், இந்தப் பயணம் ஐம்பது நாள். தொண்ணூறு, அச்சு அசலாக. பதினேழு என்றால் ஆறு நாள் அதிகம்.

தொண்ணூறு என்று எழுதி அனுப்பினேன். வட்டம் போடவில்லை.

ஜூலை இருபத்து நான்கில், திரும்பும் வழியில், விமான நிலையத்தில் அக்காவைத் தனி அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆறு நாள் கூடுதலாகத் தங்கியதற்காக இரண்டு வருடம் அந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று தாள் கொடுத்து அனுப்பினார்கள். பேத்தி பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அக்கா என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்தாள்.

"அவங்களுக்கு எண்ணத் தெரியல தம்பி. நீ எழுதினதைக் காட்டினேன், என் தம்பிக்கு இதுதான் வேலைன்னு சொன்னேன். சிரிச்சாங்க. தப்பா எண்ணிட்டீங்கன்னு நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு. கோபமா எழுதாத, மரியாதையா எழுது."

அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் கலங்கல் விலகிவிட்டது. ஏழின் மேல்கோடு மெலிதாக, ஆனால் முழுசாக இருந்தது. பதினேழு. லாரி ஓட்டுநரின் முகம் வந்து நின்றது.

"அக்கா, போன தடவை என்னைக்குத் திரும்பின?"

"ஏப்ரல் பதினேழு. மாப்பிள்ளை பொறந்த நாள் பதினாறு, முடிச்சிட்டு மறுநாள் கிளம்பினேன். ஏன்?"

"அவங்க எண்ணினது சரிதான். நான் பதினொண்ணுன்னு வச்சு எண்ணிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "தெரியலைன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. டிக்கெட்டை ஆறு நாள் தள்ளிப் போட்டிருப்பேன். குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஜூன் பதினொன்றாம் தேதி இறங்கியிருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்கும். வேலை அதிகம், போட்டோ சரியில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் சொல்ல வாய் கூசியது.

"கேட்டா பதினேழுன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கல. தொண்ணூறு சரியா வந்திருந்தது. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள்.

"இந்த மாதிரி முத்திரையோட வேற யாராவது வந்தா என்ன பண்ணுவ?"

"சிவப்பு வட்டம் போட்டு, ஒரிஜினலைக் கொண்டு வரச் சொல்லுவேன்."

அக்கா தலையாட்டினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் உனக்கு யாரோவா இருந்திருக்கணும்" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.