திருப்பிப் போட்ட தீ

ரசாயன ஆலையில் தீ என்று ஒரு வீடியோ டிவி சேனலின் செய்தி அறைக்கு வந்தபோது, அதைச் சரிபார்க்க வேண்டியவள் முதலில் தன் போனைத் தேடினாள். தம்பி வேலை பார்க்கும் ஆலை அது. கூப்பிட்டாள், அவன் போனை எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தின் லைனும் கிடைக்கவில்லை.

"மத்த சேனல்ல ஓடுது. போட்டுடலாமா?" என்றார் ஆசிரியர்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்து இணையத்தில் தேடினாள். பழைய பதிவு எதுவும் அகப்படவில்லை. அப்படியானால் இன்றைக்கு எடுத்ததுதானோ? வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். கூட்டத்தில் தம்பியைத் தேடிய கண், ஒருவன் சட்டை முதுகில் நின்றது. அதிலிருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தன.

படத்தைத் திருப்பி நேராக்கித் தேடினாள். எப்போதோ வேறொரு நாட்டில் எரிந்த கிடங்கு வந்து நின்றது. தேடலில் அகப்படாதபடி யாரோ அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

"வீடியோ பொய் சார், போடாதீங்க. ஆனா அங்க நிஜமாவே தீ பிடிச்சிருக்கான்னு இன்னும் தெரியல." தம்பியை மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள்.

அப்போது தம்பியே கூப்பிட்டான். "என்னக்கா இத்தனை தடவை? உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கன்னு தெரியாதா? இப்பதான் இடைவேளைக்கு வெளிய வந்தேன்."

"அங்க தீ பிடிச்சிருக்காமே?"

"தீயா? இங்க டீயே இன்னும் வரல."

அவள் மேஜையில் தலை சாய்த்து அழுதாள்.