மருந்து இறங்கும் வரை

தேயிலை விலை விழுந்ததிலிருந்து நடுவட்டத்து எஸ்டேட்டில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. அதில் ஒன்றையும் இழக்க இந்துமதிக்கு மனமில்லை. இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த மகனுக்குக் காலை ஆறு மணிக்கு மருந்தை ஊற்றினாள். ஏழு மணிக்கு, தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்துக்குத் தூக்கி வந்தாள்.

மடுவத்து ஆயா பொன்னாயி அவன் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

“பாத்தீங்களாக்கா, காய்ச்சல் போயிருச்சு.”

“வாயில மருந்து மணக்குதே. எப்ப ஊத்துன?”

“ஆறு மணிக்கு.”

“அப்ப இது மருந்து செய்ற வேலை. அதோட வேகம் எறங்க ஆறு மணி நேரம் ஆகும். மத்தியானம் பாத்தாத்தான் நெசம் தெரியும். உள்ள மத்த புள்ளைகளும் இருக்கில்ல. ஒம் புருசன் எங்க?”

“ஃபேக்டரி ஓடல. போத்திக்கிட்டுத் தூங்குறாரு.”

“எழுப்பி வுடு. புள்ளைய அவரு பாத்துக்கட்டும், மத்தியானம் இங்க தூக்கிட்டு வரச் சொல்லு. நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போ.”

மத்தியானம் அவள் கணவன் ரவிக்குமார் மகனைத் தூக்கி வந்தபோது தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் சளிக்காய்ச்சல் என்றார்கள். ஃபேக்டரி ஓடாத அந்த இரண்டு நாளும் ரவிக்குமார் மகனைப் பார்த்துக்கொண்டான். இந்துமதி கொழுந்து பறித்தாள்.

மூன்றாம் நாள் காலை மூவரும் வந்தார்கள்.

“நேத்துக் காலையிலிருந்து மருந்தே குடுக்கலக்கா” என்றாள் இந்துமதி.

இம்முறையும் சூடு இல்லை. பொன்னாயி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“அப்ப எனக்கு லீவா?” என்றான் ரவிக்குமார்.

“ஃபேக்டரி சங்கு ஊதுதே, கேக்கலையா?” என்று சிரித்தாள் பொன்னாயி.