இரவுக்கு இரண்டு வரிசை

ஒத்தக்கடையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எக்செல்லில் ஏற்றுவது என் பிழைப்பு. என் அட்டவணையில் தப்பு வராது என்ற திமிர் எனக்கு உண்டு.

திங்கட்கிழமை காலை தங்கப்பொண்ணு வந்து நின்றாள். திருவாதவூர்ப் பெண், இங்கே நர்சிங் உதவியாளர் பயிற்சி. தொள்ளாயிரம் மணி நேரம் முடித்தால்தான் சான்றிதழ். அன்று சாயங்காலத்துக்குள் அதைக் காட்டினால் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கிளினிக்கில் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்கு. என் அட்டவணை 862 என்றது.

"நூத்தி இருபது ஷிப்ட் முழுசா பாத்திருக்கேன் சார். முப்பத்தெட்டு மணி எங்க போச்சு?"

"ஷீட்ல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும்மா."

"அதக் கொஞ்சம் காட்டுங்க சார்."

எரிச்சலோடுதான் திரையைத் திருப்பினேன். பகல் ஷிப்ட் காலை ஆறு முதல் இரண்டு வரை. எட்டு மணி நேரத்தில் சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை அரை மணி போக ஏழரை. இரவு ஷிப்ட் பத்து முதல் காலை ஆறு வரை. இரவு பத்து எக்செல்லுக்கு இருபத்திரண்டு; ஆறிலிருந்து அதைக் கழித்தால் மைனஸ். எக்செல் கட்டம் முழுக்க ##### என்று வேலி போட்டுவிடும். அதனால் இரண்டு வருடம் முன்பு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரவைப் பன்னிரண்டு மணியில் வெட்டி இரண்டு வரிசையாகப் போட்டேன். இரண்டும் ஆறும் எட்டு. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தங்கப்பொண்ணு திரையில் விரலை வைத்தாள்.

"ஒரே ராத்திரி, ரெண்டு வரிசையா சார்?"

"ஆமா."

"ரெண்டுலயும் அரை மணி கழிச்சிருக்கே! ராத்திரிக்கு ஒரு தடவைதான சார் நான் சாப்பிடப் போறேன்?"

ஒன்றரையும் ஐந்தரையும் ஏழு. ஏழரை இல்லை. அவள் பார்த்த இரவுகள் எழுபத்தாறு. எழுபத்தாறு அரை மணி, முப்பத்தெட்டு மணி. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்டிய வரிசைகளைச் சேர்த்தேன். போன நேரம் வந்த நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் இருபத்து நான்கைக் கூட்டு என்று சூத்திரத்தை மாற்றினேன். முப்பதில் இருபத்திரண்டு போக எட்டு. அரை மணியை ஒரே தடவை கழித்தால் ஏழரை. அடியில் 900 வந்து நின்றது.

"வாரேன் சார்!" கையெழுத்தான சான்றிதழோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, போன வருடத்துத் தாள்களைத் திறந்தேன். இருபத்தோரு மணி குறைவு என்று சான்றிதழ் இல்லாமல் அனுப்பப்பட்ட ராக்கம்மாளின் தாளில் நாற்பத்திரண்டு இரவுகள் இருந்தன. அன்று இதே மேஜையில் அவள் அழுதபோது, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று நான்தான் சொன்னேன்.

எண்ணைத் தேடிப் போன் போட்டேன். நான் யார் என்று சொன்னதும் ராக்கம்மாள் கேட்டாள்:

"இன்னும் எம்புட்டு மணி குறையுதுன்னு சொல்லவா சார் கூப்பிட்டீக?"

"இல்லம்மா. குறைச்சது நான்தான்" என்றேன்.