சிவப்பு லேயரோடு போன படம்

என் தம்பி புத்திசாலி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மெயில் அனுப்பும் நேரம் பார்த்து மட்டும் அந்தப் புத்தி லீவு போட்டுவிடும்.

அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து என் வீட்டு மாடியறையில் சொந்தமாக அலுவலகம் திறந்தான். போன் பேசுவது, கடிதம் எழுதுவது, அவனைத் திட்டுவது மூன்றும் என் பொறுப்பு. குளியலறை மாற்றம், மாடிப்படி மாற்றம் என்று காலம் தள்ளியவனுக்கு முதல் பெரிய வேலையாக ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக் கிடைத்திருந்தது. இது கைநழுவினால் பழைய கம்பெனி வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரு பழக்கம். மனதில் பட்டதையெல்லாம் வரைபடத்தின் மேலேயே சிவப்பு எழுத்தில் எழுதிவைப்போம். அதற்கென்று கம்ப்யூட்டரில் தனி லேயர் உண்டு, படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி. வெளியாளுக்கு அனுப்பும்போது அதை அணைத்துவிட்டு பிடிஎஃப் எடுக்க வேண்டும். அன்று அவன் அணைக்கவில்லை. அனுப்பிய பிறகு, தன் படத்தைத் தானே ரசிக்கலாம் என்று திறந்து பார்த்தவன், “ஐயோ அக்கா!” என்று அலறினான்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். காத்திருக்கும் அறையின் மேல்: “டாக்டரம்மா உத்தரவுப்படி குறுக்கியாச்சு. இனி வர்றவங்க ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து பயப்படலாம்.” டாக்டரின் சொந்த அறையின் மேல்: “மகாராணி அரண்மனை. சிம்மாசனம் எந்தப் பக்கம்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் மண்டையில் ஒரு குட்டு வைக்கவும் கை பரபரத்தது.

“ரீகால் போட்டு மெயிலைத் திரும்ப எடுத்துடறேன்க்கா.”

“அவங்க என்ன நம்ம ஆபீஸ் ஆளா? வெளியாளுக்கு அது வேலைக்காகாது. போன மெயில் அங்கேயேதான் இருக்கும். திரும்ப எடுக்கப் பாத்தோம்னு இன்னொரு மெயில் வேற போய்ச் சேரும். சும்மா இருக்கிறவங்களும் தேடிப் பிடிச்சுப் படிப்பாங்க.”

“யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாமா?”

“வாயைக் கழுவுடா!”

உடனே உட்கார்ந்து கண்ணீரும் கம்பலையுமாக ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதினான். ‘அறிவிலி’ என்ற சொல் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது. நான் கோபக்காரிதான், ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நிதானமாகிவிடும். அவனை நகரச் சொல்லிவிட்டு, முதலில் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக எழுதினேன்.

“திருத்தம்: சரியான வரைபடம் இணைப்பில். வணக்கம் டாக்டர். சற்று முன் வந்தது எங்கள் அலுவலகப் பிரதி, தவறுதலாக அனுப்பிவிட்டோம். அதை நீக்கிவிட்டு இதைப் பயன்படுத்துங்கள். அளவுகளில் மாற்றம் இல்லை. கேலிக் குறிப்புகளுக்கு மன்னியுங்கள். காத்திருக்கும் அறை போதாது என்பது மட்டும் எங்கள் உண்மையான கருத்து. விரும்பினால் பேசலாம்.”

“கடைசி ரெண்டு வரியும் வேண்டாம்க்கா, வேலை போயிடும்.”

“அவங்க எதிர்ல உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்து இங்க எழுதினே. படிச்சிருந்தாங்கன்னா இதை எப்படி மறைப்பே?”

அவன் சிவப்பு லேயரை அணைத்துவிட்டு மறுபடி பிடிஎஃப் எடுத்தான். புதிய பிடிஎஃப்பைத் திறந்து, மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கி, சிவப்பே இல்லை என்று பார்த்தோம். முகவரியையும் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டாக்டரம்மாவேதான். ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“முதல் மெயிலை அழிச்சிட்டேன்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“படிச்சுட்டுத்தான் அழிச்சேன். சிம்மாசனம் ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.”

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

“கோவம் வந்தது, இல்லேங்கல. வேற ஆளைக் கூப்பிட போனை எடுத்துட்டேன். அதுக்குள்ள உங்க ரெண்டாவது மெயில். சப்பைக்கட்டு கட்டாம, அறை போதாதுன்னு திரும்பவும் சொல்றீங்க. எங்க நர்ஸும் இதையேதான் சொல்லிட்டிருந்தா, நான்தான் காதுல வாங்கல. என் அறையில கொஞ்சம் எடுத்து வெளியில குடுத்துடுங்க. இனிமே எனக்கு வர்ற படத்துல சிவப்பும் சேர்ந்தே வரட்டும். உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, நேர்ல பேசமாட்டேங்குறார்.”

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவன் எட்டி என் கையிலிருந்து போனை வாங்கினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“டாக்டர், உங்க அறைக் கதவு இருக்கிற இடமும் தப்பு.”

அந்தப் பக்கம் பெரிதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. “எங்க வைக்கணும், சொல்லுங்க” என்றார் அவர். தம்பி பென்சிலை எடுத்தான்.