வந்தது, போனது

யார் எங்களுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள், நாங்கள் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். என் வீட்டுக்காரர் ஜஸ்டஸுக்கு அது பெரிய சிரிப்பு.

கோத்தகிரியில் பிலோமி டீச்சர் புது வீடு கட்டிக் கூப்பிட்டிருந்தார். பரிசாகக் கொண்டுபோக ஜஸ்டஸ் பீரோவிலிருந்து சுவர்க்கடிகாரத்தை எடுத்தார். நோட்டைப் புரட்டினேன்.

"அது டீச்சரே நம்ம கல்யாணத்துக்குக் கொடுத்ததுங்க."

அடுத்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். அது நோட்டில் இல்லை. "கடையில வாங்கி வெச்சதும்மா," என்றார், கூசாமல்.

புது வீட்டில் டீச்சர் பரிசைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தார்.

"போன கிறிஸ்துமஸுக்கு இதை சார் கையில நான்தானுங்க கொடுத்துவிட்டேன்," என்றார் சிரிக்காமல்.

திரும்பும் பஸ்ஸில் ஜஸ்டஸிடம் என் நோட்டையும் பேனாவையும் நீட்டினேன்.

"எழுதுங்க. வந்தது, ஃபிளாஸ்க். போனது, மானம்."