பொது விஷயம் மட்டும்

மூன்றாம் வகுப்பின் பெற்றோர் பிரதிநிதி நான். வேறு யாரும் வாய் திறக்காததால் என் தலையில் விழுந்த பதவி. பெற்றோர் கூட்டத்துக்கு ஆசிரியை தேதி சொன்னதும் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்க வேண்டும், பேச வேண்டிய தலைப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும், ஒரே மாதிரி வருவதை ஒன்றாக்கி அவருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"வியாழன் மாலை வகுப்பறையிலேயே கூட்டம். தலைப்புகளைத் திங்களுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பொது விஷயம் மட்டும். ஒரு பிள்ளையைப் பற்றியது என்றால் ஆசிரியையிடம் தனியாக நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. தலைப்பு ஒன்றும் வரவில்லை. மறுபடி நினைவூட்டியதும் பல் மருத்துவர் வீட்டுப்பாடம் அதிகம் என்றார். மளிகைக் கடைக்காரர் வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை என்றார். இருவரையும் 'வீட்டுப்பாட அளவு' என்று ஒரே வரியில் கட்டிப்போட்டேன்.

கடைசியாக எழுதியவர் ஒரு பெண் பேருந்து ஓட்டுநர். அவர் மகள் இந்த வருடம்தான் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளிடம் பேசும்போது 'எங்க கிளாஸ்' என்கிறார்களாம். 'நம்ம கிளாஸ்' என்று ஒருவரும் சொல்வதில்லையாம். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று தினமும் காலையில் அழுகிறாளாம். கூட்டத்தில் இதைப் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. தமிழில்தானே எழுதியிருந்தேன்? கூப்பிட்டு, இது ஒரு பிள்ளை விஷயம், ஆசிரியையைத் தனியாகப் பாருங்கள் என்றேன்.

"கேக்குறவதாங்க ஒருத்தி," என்றார் அந்த அம்மா. "சொல்றது மொத்த கிளாஸும்."

பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிடும்போது என் மகளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அந்தப் புதுப் பெண்ணுக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பதே தான்தான் என்றாள், பெருமையாக.

"என்னன்னு சொல்லிக் குடுப்பே?"

"எங்க கிளாஸ்ல இப்படித்தான் வரிசையில நிக்கணும், எங்க கிளாஸ்ல இங்கதான் பை வைக்கணும்னு. நான்தான்மா முதல்ல சொன்னேன். இப்ப எல்லாரும் சொல்றாங்க."

அவளுக்கு அதில் துளி வஞ்சமில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. 'புதிதாக வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வது' என்ற தலைப்பை வீட்டுப்பாடத்துக்கு மேலே போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். ஆசிரியை முதல் தலைப்பைப் படித்தார். இது யார் பிள்ளையைப் பற்றியது, பொது விஷயம் மட்டும் என்றுதானே அறிவிப்பு வந்தது என்று பல் மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசி வரிசையில் ஓட்டுநர் சீருடையோடு மெல்லக் கையைத் தூக்கத் தொடங்கினார்.

"என் பொண்ணைப் பத்தினதுங்க," என்றேன் நான். "அவதான் ஆரம்பிச்சு வச்சா."

ஓட்டுநரின் கை பாதியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது.