தங்கள் மேலான கவனத்திற்கு

எங்கள் பேக்கரியில் மாவு பிசைவது இவர், கல்லாவில் உட்காருவது நான். ரொட்டி கருகினால் இவர் பொறுப்பு, காகிதத்தில் ஏதாவது கோளாறு என்றால் என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் யாரும் பேசாமலே முடிந்த பாகப்பிரிவினை இது. அதனால் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கிற வேலை என் தலையில் விழுந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தை இணையத்தில் போட்டாயிற்று. கட்டணம் கட்டி ரசீதும் வந்தாயிற்று. சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தார். மாவு மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கியிருப்பதைப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. அதற்குப் பிறகு எப்போது திறந்து பார்த்தாலும் அந்த இணையதளம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று இருந்திருப்பேன். இந்த முறை ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடுவில் வந்து நின்றது. உள்நோயாளிகளுக்குத் தினமும் ரொட்டி வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. மாதிரிக்கு அனுப்பிய ரொட்டியை அந்த ஸ்டோர்ஸ் அதிகாரி பிய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தின்றும் பார்த்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார், “எனக்கு உங்க ரொட்டிதான் பிடிச்சிருக்கும்மா. ஆனா ஆடிட்டர் வந்தா ரொட்டியைக் காட்ட முடியாது. பழைய லைசென்ஸ் இந்த மாசத்தோட முடியுது. புதுசோட நகல் மாசம் முடியறதுக்குள்ள என் மேஜைக்கு வரணும்.” வராவிட்டால் அடுத்த தெரு பேக்கரிக்குப் போய்விடும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

எனக்கு அந்த ஆர்டர் வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன். சாயங்காலமானால் விற்காத ரொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டியிருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நேரில் போனேன். உரிமப் பிரிவின் கவுண்டரில் இருந்த எழுத்தர் அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு, மெயில் அனுப்பச் சொன்னார். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், மெயிலில் கேட்டால் பதிவாகும் என்றார். தமிழிலேயே அனுப்புங்கள், ஆங்கிலத்தில் வந்தால் யார் பதில் எழுதுவது என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும் என்றும் சொன்னார். நியாயமான பேச்சு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “‘ஐயா, எங்க லைசென்ஸ் என்னாச்சு’ன்னு போடு. இதுக்கு மேல கேக்குறதுக்கு என்ன இருக்கு?” என்றார். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அலுவலகத்துக்குப் போகிற கடிதம் லுங்கியோடு போகக்கூடாது அல்லவா. கொஞ்சம் சட்டை மாட்டிவிட்டேன்:

‘பொருள்: தொழில் உரிமம் புதுப்பித்தல் – விண்ணப்ப நிலை அறிய வேண்டுதல்.

ஐயா / அம்மையீர், வணக்கம். எங்கள் பேக்கரியின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்துள்ளோம். விண்ணப்ப எண்ணும் தேதியும் பழைய உரிம எண்ணும் கீழே உள்ளன. கட்டண ரசீது இணைக்கப்பட்டுள்ளது. நேராய்வு முடிந்துவிட்டது. விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது, எங்களிடமிருந்து வேறு ஆவணம் ஏதும் தேவையா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இம்மாத இறுதிக்குள் உரிமம் தேவைப்படுகிறது. நன்றி.’

அனுப்பு என்ற பொத்தானில் விரல் வைக்கப் போன நேரத்தில் அண்ணன் வந்தான்.

என் அண்ணன் அச்சகம் வைத்திருக்கிறான். திருமண அழைப்பிதழ், வாழ்த்துமடல், பிரிவுபசார மடல் எல்லாவற்றிலும் அவன் கை பட்டிருக்கும். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய கோப்பை இன்னும் அவன் மேஜையில் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் அவனுக்குப் புலவர் என்று பெயர். அதில் பாதி கிண்டல் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

திரையை எட்டிப் பார்த்தவன், இது கடிதமா தந்தியா என்று கேட்டான். என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அண்ணனை எழுந்திரு என்று சொல்லிப் பழக்கமில்லை. அனுப்புநர் வந்தது, பெறுநர் வந்தது, பொருள் வந்தது, பார்வை வந்தது. ‘தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் கொண்டுவர விழைவது யாதெனில்’ என்று ஆரம்பித்து, ‘நாளது வரை கனிவான பதிலேதும் கிட்டாமையால் எமது குடும்பம் ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்துள்ளது’ என்று வளர்ந்து, ‘எமது குறையைக் களைந்து தக்க நடவடிக்கை எடுக்குமாறு இம்மனுவின் வாயிலாக’ என்று முடிந்தது. எந்த நிலையில் உள்ளது என்ற என் கேள்வியை அந்தக் கூட்டத்தில் தேடிப் பார்த்தேன். அது எங்கேயோ பின் வரிசையில் நசுங்கிக்கொண்டிருந்தது.

மாவுக் கையோடு எட்டிப் பார்த்த இவர், “மச்சான், லைசென்ஸ் கேக்குறோமா, பொண்ணு கேக்குறோமா?” என்றார்.

“ரெண்டுக்கும் பணிவு வேணும் மாப்பிள்ளை,” என்றான் அண்ணன்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஆள் வந்துவிட்டது. பன் கட்டிக் கொடுத்து, சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மெயில் போய்விட்டது. போனதோடு இல்லை, நகல்களும் போயிருந்தன: ஆணையருக்கு ஒன்று, குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒன்று, தனக்கே ஒன்று. மேலே ஒரு நகல் போனால்தான் கீழே இருப்பவனுக்குச் சுறுசுறுப்பு வரும் என்றான். கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்து விழுந்தது. ‘தங்கள் மனு பெறப்பட்டது’ என்று மனு எண்ணோடு. தமிழின் வேகத்தைப் பார்த்தாயா என்பதுபோல் அண்ணன் என்னைப் பார்த்தான். அது யாரும் படிக்காமலே கணினி தானாக அனுப்புவது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்ததை மறைக்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் இணையதளத்தின் பாட்டு மாறியது. ‘மனு நிலுவையில் உள்ளதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.’ இரண்டு முறை படித்தேன். பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

எழுத்தர் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பெஞ்சில் உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். என் கோப்பு கையெழுத்துக்குப் போகிற கட்டுக்குள் இருந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே கையெழுத்தாகியிருக்க வேண்டியது. அதற்குள் மெயில் வந்துவிட்டது. நிலை கேட்டு வந்திருந்தால் அவரே ஒரு வரி பதில் போட்டிருப்பார். வந்ததோ குறையைக் களையச் சொல்லும் மனு, அதுவும் குறைதீர்ப்புப் பிரிவுக்கு நகலோடு. அவர்கள் அதைப் புகாராகப் பதிந்து, ஏன் தாமதம் என்று அறிக்கை கேட்டுவிட்டார்கள். அறிக்கை எழுத வேண்டுமானால் கோப்பு வேண்டும். கோப்பு மேலே போய்விட்டது. மனு முடியாமல் அது கீழே இறங்காது.

“ஆனா ஒண்ணு மேடம்,” என்றார் அந்த அம்மா, “மெயில் ரொம்ப நல்லா இருந்துச்சு. செக்‌ஷன் முழுக்க உக்காந்து படிச்சோம். அந்த ஆற்றொணாத் துயரை சூப்பிரண்டு சார் ரெண்டு தடவை வாசிச்சாரு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதம் முடிய இன்னும் சில நாள்தான். ஓர் உரிமம் கையெழுத்துக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது, அதை என் கணினியிலிருந்தே கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறோம். அண்ணன்மேல் வந்த கோபத்தை அந்த பெஞ்சில் உட்கார்ந்து மென்று விழுங்கினேன்.

இதற்கு என்ன வழி என்று கேட்டேன். குறை தீர்ந்துவிட்டது, மிக்க நன்றி என்று ஒரு மெயில் போட்டால் மனு முடிந்துவிடும், கோப்பு இறங்கிவிடும் என்றார். இவருக்குப் போன் போட்டேன். கையில் வராத உரிமத்துக்கு நன்றி சொன்னால், கொடுத்தாயிற்று என்று மூடிவிட மாட்டார்களா என்று இவர் கேட்டார். மாவு பிசைகிறவருக்கும் சில சமயம் புத்தி வேலை செய்யும்.

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினேன். மனு எண், விண்ணப்ப எண் இரண்டையும் பொருளில் போட்டேன். ‘எனது மின்னஞ்சல் விண்ணப்பத்தின் நிலையை அறிவதற்காக மட்டுமே அனுப்பப்பட்டது. எவர் மீதும் எனக்குப் புகார் இல்லை. ஆகவே அதை மனுவாகக் கருதாமல் முடித்துவைத்து, உரிமம் இன்னும் வழங்கப்படாததால் கோப்பினை உரிமப் பிரிவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். நன்றி.’ பணிவும் இல்லை, விழைவும் இல்லை. எழுத்தர் அம்மா வாங்கிப் படித்தார். “முதல்லயே நீங்க எழுதியிருக்கலாமே,” என்றார். கைப்பேசியை வாங்கி அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

மாதத்தின் கடைசி வேலை நாளன்று மத்தியானம் உரிமம் வந்தது, கையெழுத்தோடும் முத்திரையோடும். நகல் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்டோர்ஸ் அதிகாரி அதைக் கோப்பில் போட்டுவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் போல இனிப்பான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள், முதல் லோடு போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். கையில் லேமினேட் செய்த ஒரு தாள். குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து வந்த மெயில். நகலில் தன் முகவரியையும் போட்டிருந்தானே, அவனுக்கும் வந்திருக்கிறது. உரக்கப் படித்தான்: “‘மனுதாரரின் மனு உடனடியாகப் பரிசீலிக்கப்பட்டு, அதன் அடிப்படையில் துரித நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு, தொழில் உரிமம் வழங்கப்பட்டது. மனு தீர்வு செய்யப்பட்டது.’”

ஆக, அரசாங்கப் பதிவேட்டின்படி எங்களுக்கு உரிமம் வாங்கித் தந்தது அண்ணனின் மெயில்தான். புகார் இல்லை என்று நான் எழுதியதைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. அவர்களுக்கும் ஒரு தீர்வு கணக்கில் ஏறியாக வேண்டும் அல்லவா.

இவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷ மச்சான் பாக்கி முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிற முகம். அண்ணனைப் பார்த்தேன். லேமினேட்டின் ஓரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் எனக்கிருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. இவர் கையில் ஒரு பன்னைத் திணித்தேன்.

“செக்‌ஷன் முழுக்க உக்காந்து படிச்சாங்களாம்ணா,” என்றேன். “சூப்பிரண்டு ரெண்டு தடவை வாசிச்சாராம்.”

அவன் கண் கலங்கியிருந்தது. லேமினேட்டைக் கல்லாவுக்குப் பின்னால் உரிமத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அடுத்த வருஷமும் நானே எழுதித் தருகிறேன், நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே என்றான்.

“சரிண்ணா,” என்றேன். “எழுதுறது நீ. அனுப்புறது நான்.”